அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் கிராஜுவிட்டி, நோட்டீஸ் பீரியட்: இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவின் மகனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. டிப்ளமோ முடித்தவன், தரப் பரிசோதனைப் பிரிவில் முதல் வேலை. ஆறு பக்க லெட்டரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். முழுக்க ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்குச் சட்டத்து ஆங்கிலம் சட்டென்று பிடிபடாது. "அண்ணா, மாசம் 21,880 ரூபாய்னு போட்டிருக்கு. ஆனா கைக்கு 18,000கூட வராதுன்னு எச்.ஆர். மேடம் சொல்றாங்க. இதுல கிராஜுவிட்டின்னு 529 ரூபாய் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டான்.

நான் பல வருடங்கள் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன். புதிதாகச் சேருகிறவர்கள் சம்பள எண்ணைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். கிராஜுவிட்டி என்பது பொதுவாக ஐந்து வருடமாவது வேலை செய்தவருக்கு, வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணிக்கொடை. நோட்டீஸ் பீரியட் என்பது வேலையை விடுவதை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற கணக்கு. இரண்டும் நாலாவது, ஐந்தாவது பக்கத்தில் தனித்தனிப் பத்திகளாகக் கிடக்கும். உண்மையில் அவை இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேலையை விடும்போது ஒன்றின் தேதி மற்றதன் பணத்தைத் தீர்மானிக்கும். அதை அந்தப் பையனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

லெட்டரின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும். நிரந்தர ஊழியரா, புரொபேஷனில் இருப்பவரா, குறிப்பிட்ட காலத்துக்கான கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா?

புரொபேஷன் காலம் கிராஜுவிட்டி கணக்கில் சேரும். ஆறு மாதம் புரொபேஷன், அதன்பிறகுதான் கன்ஃபர்மேஷன் என்றாலும், உங்கள் சர்வீஸ் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அப்ரன்டிஸ் அப்படி இல்லை. அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுப் பயிற்சியில் இருக்கும் காலத்துக்குக் கிராஜுவிட்டி கிடையாது. டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஒரு வருடம் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு அதே கம்பெனியில் வேலைக்குச் சேருவது இந்தப் பக்கம் சகஜம். அவர்களுக்கு ஐந்து வருடக் கணக்கு இரண்டாவது லெட்டரின் தேதியிலிருந்துதான் தொடங்கும். லெட்டரில் 'டிரெய்னி' என்று மட்டும் போட்டிருந்தால், அது அப்ரன்டிஸ் ஒப்பந்தமா அல்லது பெயருக்கு டிரெய்னியா என்று எச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடித்து, மற்றவர்களைப் போலவே ஷிப்டில் வேலை வாங்கினார்கள் என்றால் அந்த மெயில் பிற்காலத்தில் உதவும்.

குறிப்பிட்ட காலக் கான்ட்ராக்ட் என்றால் கொஞ்ச நாளைக்கு முன் நிலைமை மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம்தான் இத்தனை வருடமாக நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. அதன்படி, கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஊழியருக்கு ஐந்து வருட நிபந்தனை கிடையாது. ஒரு வருடம் வேலை செய்து ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே போகும்போது, வேலை செய்த காலத்துக்கேற்ற கிராஜுவிட்டி உண்டு. ஒப்பந்தம் முடியும் முன் நீங்களாக ராஜினாமா செய்தால் இதையே கேட்க முடியாமல் போகலாம். அதனால் ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

அந்த 529 ரூபாய்

பையனின் சம்பளப் பட்டியலைக் கட்டம் போட்டு எழுதிக் காட்டினேன். பேசிக் 11,000. வீட்டு வாடகைப் படி 4,400. ஸ்பெஷல் அலவன்ஸ் 4,000. இந்த மூன்றும் சேர்ந்து 19,400. இதற்கு மேல் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,320, கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. 631, அப்புறம் கிராஜுவிட்டி 529. எல்லாம் கூட்டினால் 21,880. கம்பெனி உங்களுக்காகச் செலவழிப்பதாகச் சொல்லும் தொகை அது. கைக்கு வருவது 19,400-இலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,320-ஐயும் இ.எஸ்.ஐ. 146-ஐயும் கழித்தால் வரும் 17,934.

பி.எஃப். மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏறும், போனில் பாஸ்புக்கைப் பார்க்கலாம். கிராஜுவிட்டி அப்படி எங்கும் ஏறாது. கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கிவைக்கும் தொகை அது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்களாகவே ராஜினாமா செய்தால், இடையில் காட்டிய 529 ரூபாய்கள் ஒன்றுகூட உங்களுக்கு வராது. அதனால் இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது கிராஜுவிட்டியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனி அதைச் சம்பளத்துக்குள் காட்டும், இன்னொன்று காட்டாது. காட்டாத கம்பெனியும் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால்.

529 எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம் என்பதுதான் கிராஜுவிட்டி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × சர்வீஸ் வருடங்கள்

11,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கு 6,346. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 529. லெட்டரில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று எழுதியிருப்பது இதுதான்.

இங்கே 'சம்பளம்' என்றால் பேசிக்கும் பஞ்சப்படியும். வாடகைப் படி போன்றவை வராது. ஆனால் புதிய சட்டத்தில் ஒரு கட்டு இருக்கிறது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சுகிற பகுதியைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 20,000 மொத்தச் சம்பளத்தில் பேசிக்கை 7,000 என்று குறைத்து, படிகளை 13,000 ஆக்கியிருந்தால், பாதியைத் தாண்டிய 3,000 பேசிக்கோடு சேர்ந்து 10,000-க்குக் கிராஜுவிட்டி கணக்காகும். பையனின் பேசிக் ஏற்கெனவே பாதிக்கு மேல் இருப்பதால் அவனுக்கு இது தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு கடைசி மாதச் சம்பளத்தில்தான் நடக்கும். ஐந்து வருடம் கழித்து பேசிக் 16,000 ஆகியிருந்தால், முதல் வருடத்துக்கும் 16,000-க்கே கணக்கு. மாதம் 529 என்று சேர்த்துப் பார்த்து ஏமாற வேண்டாம், கிடைப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும்.

நோட்டீஸ் பத்தியில் நான்கு கேள்விகள்

பையனின் லெட்டரில் புரொபேஷனில் 15 நாள், அதற்கப்புறம் 60 நாள் என்று இருந்தது. எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அதற்கடுத்த வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, இரண்டு பக்கமும் ஒரே அளவா? சில லெட்டர்களில் ஊழியர் 90 நாள் தரவேண்டும், கம்பெனி 30 நாள் தந்தால் போதும் என்று இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் சமமாகக் கேட்டுப் பார்க்கலாம். சேர்ந்த பிறகு கேட்டால் பேச்சே எடுபடாது. கம்பெனி உங்களை அனுப்பும்போது லெட்டரில் என்ன இருந்தாலும் சட்டத்தின் குறைந்தபட்சம் உண்டு. கேரளத்துக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகிற அலுவலகத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக்கூடாது. தொழிற்சாலைகளுக்கு வேறு சட்டம்.

இரண்டாவது, புரொபேஷன் எப்போது முடிகிறது? ஆறு மாதம் முடிந்ததும் தானாக கன்ஃபர்ம் ஆகுமா, அல்லது எழுத்தில் தரும்வரை புரொபேஷன் நீளுமா? "எழுத்தில் உறுதிசெய்யும்வரை" என்று இருந்தால், ஆறாவது மாதம் நீங்களே மெயிலில் கேளுங்கள். விடும் நாளில் உங்கள் நோட்டீஸ் 15 நாளா 60 நாளா என்பது இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நோட்டீஸுக்குப் பதில் பணம் என்றால் எந்தச் சம்பளம்? பேசிக்கா, மொத்தமா? பையனின் லெட்டரில் 'மொத்தச் சம்பளம்' என்றிருந்தது. 60 நாளையும் வேலை செய்யாமல் போனால் அவன் கட்ட வேண்டியது 38,800. பேசிக் என்றிருந்தால் 22,000. ஒரு சொல்லில் 16,800 ரூபாய் வித்தியாசம்.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. பணம் கொடுத்து நோட்டீஸைக் குறைக்கும் உரிமை யாருக்கு? "கம்பெனியின் விருப்பப்படி" என்று இருந்தால், நீங்கள் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் அவர்கள் மறுக்கலாம். அதேபோல நீங்கள் 60 நாள் வேலை செய்யத் தயாராக இருந்தாலும், அவர்கள் மீதி நாளுக்குப் பணம் கொடுத்து இன்றே அனுப்பலாம். இந்த இரண்டாவது பாதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு நண்பரின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

25 நாள்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அவர் 2019 ஜூன் 10 அன்று சேர்ந்தார். கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்து, 2024 ஏப்ரல் 20 அன்று ராஜினாமா கொடுத்தார். 60 நாள் நோட்டீஸ். எண்ணிப் பார்த்தால் கடைசி நாள் ஜூன் 19. ஐந்து வருடம் முடிவது ஜூன் 9. "கிராஜுவிட்டியும் சேர்ந்துவிடும்" என்று அவர் நிம்மதியாக இருந்தார். கணக்கு சரிதான்.

மே இரண்டாவது வாரத்தில் எச்.ஆர். கூப்பிட்டு, "உங்கள் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார், 15-ஆம் தேதியோடு ரிலீவ் பண்ணிவிடுகிறோம், மீதி நாளுக்குப் பணம் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். அவருக்குச் சந்தோஷம். புது வேலையில் ஒரு மாதம் முன்னதாகவே சேரலாம், இங்கேயும் சம்பளம். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் கிராஜுவிட்டிக்கு நேராகக் கோடு போட்டிருந்தது. கடைசி வேலை நாள் மே 15, ஐந்து வருடத்துக்கு 25 நாள் குறைவு. நோட்டீஸ் நாளுக்குப் பதிலாகத் தரும் பணம் சர்வீஸை நீட்டாது. அவருடைய கடைசி பேசிக் 16,000. ஐந்து வருடத்துக்கு 46,154 ரூபாய். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தது நான்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரை ஒரு நிமிடம் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் ஜூன் 19 வரை வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், முன்கூட்டி ரிலீவ் செய்வதற்கு எனக்குச் சம்மதமில்லை. செய்தால் ஐந்து வருட சர்வீஸாகக் கணக்கிட்டுக் கிராஜுவிட்டி தரவேண்டும்" என்று ஒரு மெயில். சம்மதக் கையெழுத்து இல்லாமல் அனுப்புவது வேறு, சம்மதத்தோடு போவது வேறு.

அவர் கையில் இன்னொரு வழியும் இருந்தது. சட்டத்தில் 'தொடர் சர்வீஸ்' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடத் தொடர் சர்வீஸ். வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக வேலை நடக்கும் இடமென்றால் 190 நாள். இதை வைத்து, நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. நண்பரின் ஐந்தாவது வருடத்தில் ஜூன் 10 முதல் மே 15 வரை 341 நாள் ஓடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாலும் 240-க்கு மேல்.

எல்லையில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருந்தாலும், வேலை செய்த இடம் கஞ்சிக்கோடு என்றால் வழக்கு கேரளத்தில். சென்னைத் தீர்ப்பை அங்கே எடுத்துக்காட்டலாம், ஆனால் அது அங்கே கட்டுப்படுத்தாது. ஆகவே 240 நாளை நம்பி ராஜினாமாவுக்குத் தேதி குறிக்காதீர்கள். ஐந்து முழு வருடம் தாண்டியே கடைசி நாளை வையுங்கள். ஏற்கெனவே குறைவாக வெளியே வந்துவிட்டீர்கள் என்றால், அப்போது இந்த வாதத்தை விடாதீர்கள்.

விடும்போது தேதி குறிப்பது

ராஜினாமா கொடுக்கும் தேதிக்குக் கிராஜுவிட்டியில் இடமே இல்லை. ரிலீவிங் தேதிதான் எல்லாம். ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். ஐந்து வருடம் முடியும் நாளை எழுதுங்கள். கம்பெனிக்கு முன்கூட்டி அனுப்பும் உரிமை லெட்டரில் இருந்தால், அந்த நாள் தாண்டிய பிறகே ராஜினாமா மெயிலை அனுப்புங்கள். நோட்டீஸ் ஓடும் காலத்தை அந்த ஐந்து வருடத்துக்குள் வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து.

ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கும் தேதி பேசும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு வருடமாகும், அதற்குக் குறைந்தால் விட்டுப்போகும். 5 வருடம் 5 மாதத்தில் போனால் ஐந்து வருடக் கணக்கு, 5 வருடம் 7 மாதத்தில் போனால் ஆறு. 16,000 பேசிக்குக்கு அந்த இரண்டு மாதம் 9,231 ரூபாய்.

நோட்டீஸை முழுதாக முடிக்காமல் போனால் கிராஜுவிட்டி கிடையாது என்று சில லெட்டர்களில் பார்த்திருக்கிறேன். அது செல்லாது. ஊழியரின் செயலால் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டு அதற்காக நீக்கப்பட்டால் நஷ்டத்தின் அளவுக்கும், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கப்பட்டால் அதற்கும் மட்டுமே பிடிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நோட்டீஸ் பாக்கியைக் கடைசி மாதச் சம்பளத்தில் கேட்கட்டும், கிராஜுவிட்டியில் கை வைக்க முடியாது.

கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு. வராவிட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள், அப்புறம் தொழிலாளர் துறை. கம்பெனி கேரளத்துக்குள் மட்டும் இருந்தால் மாநிலத் தொழிலாளர் துறை. கஞ்சிக்கோட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று என்று வேறு மாநிலத்திலும் கிளை இருந்தால் மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகம். இது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாமினி

பையன் கிளம்பும்போது கடைசியாக இதைச் சொன்னேன். ஒரு வருடம் முடிந்ததும் கிராஜுவிட்டிக்கு நாமினி படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். பி.எஃப்-க்குக் கொடுத்தது இதற்குச் செல்லாது, இது தனி. ஊழியர் இறந்துபோனாலோ, வேலை செய்ய முடியாதபடி ஊனமானாலோ ஐந்து வருட நிபந்தனை கிடையாது. இரண்டு வருடம் வேலை செய்தவரின் குடும்பத்துக்கும் பணம் உண்டு. குடும்பம் இருப்பவர் குடும்பத்தாரையே நாமினியாகப் போடவேண்டும். கல்யாணமானதும் புதிதாக எழுதிக் கொடுப்பது நல்லது.

எங்கள் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் வரும். தமிழ்ப் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒற்றை இனிஷியலாக இருக்கும், ஆதாரில் அதை விரித்து முழுப் பெயராகப் போட்டிருப்பார்கள், ரேஷன் கார்டில் மலையாள உச்சரிப்பில் வேறு மாதிரி இருக்கும். அவனுடைய அம்மாவின் பெயரும் மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தது. ஆதாரிலும் வங்கிப் பாஸ்புக்கிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, இரண்டும் பொருந்தவில்லை என்றால் முதலில் பாஸ்புக்கைத் திருத்து என்றேன். அடுத்த நாளே அக்கா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய்விட்டார்.